மண்ணுக்கு மண் முளைப்பு ஏன் மாறுகிறது? மாடியிலும் கொல்லையிலும் செய்து பார்க்க ஒரு சோதனை

விதை முளைக்காவிட்டால் நாம் முதலில் திட்டுவது விதை விற்றவரை, அடுத்தது மண்ணை. பெரும்பாலும் இரண்டிலும் குற்றம் இருக்காது. நான்கு வகை மண்ணை வைத்து இரண்டு ஆடி மாதம் சோதித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. மதுரையில் என் வீட்டு மாடியில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் மச்சினன் வீட்டுக் கொல்லையில் கரிசல் மண்ணில் அதையே எப்படி மாற்றிச் செய்தோம் என்பது கடைசியில் வரும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். முளைத்து மண்ணுக்கு மேல் வரும் வரை விதைக்கு வெளியிலிருந்து சாப்பாடு தேவையில்லை. அதற்கு வேண்டியது விதைக்குள்ளேயே இருக்கிறது. மண்ணிடமிருந்து அது கேட்பது ஈரம், காற்று, கொஞ்சம் வெதுவெதுப்பு, மேலே வர ஒரு வழி. அதனால் “சத்தான மண்ணில் நன்றாக முளைக்கும்” என்ற எண்ணத்தோடு இந்தச் சோதனையில் இறங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். நாம் பார்க்கப்போவது மண்ணின் சத்தை அல்ல. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் விதத்தையும் இறுகும் விதத்தையும்தான்.

எந்த விதை, எந்த மண்

இரண்டு விதை போதும். ஒன்று பெரியது, மற்றது பொடி. நான் எடுத்தது வெண்டையும் சிறுகீரையும். வெண்டைக்கு மண்ணை முட்டித் தள்ளும் பலம் உண்டு. கீரைக்கு அது கிடையாது. இந்த இரண்டும் ஒரே மண்ணில் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். இரண்டுமே வெயில் காலத்துப் பயிர், ஒரு வாரம் பத்து நாளில் முடிவு தெரிந்துவிடும். மிளகாய் வேண்டாம், அது பதினைந்து நாள்கூட எடுத்துக்கொள்ளும். கொத்தமல்லியும் அப்படித்தான்.

எல்லா மண்ணுக்கும் ஒரே பாக்கெட் விதையைப் பயன்படுத்துங்கள். கடை விதையில் சிவப்பு அல்லது நீலச் சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி பூசியது என்று அர்த்தம். அதையும் வீட்டில் எடுத்த நாட்டு விதையையும் கலந்துவிட்டால், அழுகாமல் தப்பியது மண்ணாலா மருந்தாலா என்று சொல்ல முடியாது. சாய விதையைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

மண் நான்கு வகை எடுத்தேன். தனிச் செம்மண் ஒன்று, தனிக் கரிசல் ஒன்று. மூன்றாவது கலவை மண்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. நான்காவது மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பது, தேங்காய் நார்த்தூள் மூன்று பங்கும் மண்புழு உரம் ஒரு பங்கும்.

நார்த்தூள் கட்டியை ஊறவைத்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும், பொடி விதையை அது நேராகத் தாக்கும். தாராளமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழியுங்கள். டீத்தண்ணி நிறத்தில் வருவது வெளுக்கும் வரை இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டும்.

தொழுவுரத்தில்தான் நான் முதல் வருடம் மாட்டிக்கொண்டேன். “மட்கிய எரு” என்று ஒருவர் கொடுத்த மூட்டையை நம்பிக் கலந்தேன். முளைத்த கீரை எல்லாம் நுனி கருகி மூன்றே நாளில் படுத்துவிட்டது. மட்காத சாணத்திலிருந்து வரும் அமோனியா செய்த வேலை அது. இப்போது எரு வாங்கினால் இரண்டு கைப்பிடி எடுத்து, லேசாக ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வைத்துவிடுகிறேன். பையைத் திறந்ததும் மூத்திர நெடி அடித்தாலோ உள்ளே சூடாக இருந்தாலோ அது இன்னும் ஆகவில்லை. மழை பெய்த மண் மாதிரி வாசம் வந்தால் சரி.

முதலில் துணிச் சோதனை

மண்ணுக்குப் போகுமுன் விதையின் தரம் தெரிய வேண்டும். பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து, தண்ணீர் சொட்டாமல் பிழிந்து, 25 விதையை ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பிச் சுருட்டி, மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். தினம் ஒரு தடவை திறந்து காற்றுக் காட்டி, முளை விட்டதை எண்ணி எடுத்துவிடுங்கள்.

எனக்கு வெண்டையில் 22, கீரையில் 23 முளைத்தன. இதுதான் உச்ச வரம்பு. எந்த மண்ணும் இதைவிடப் பெரிதாகச் சாதிக்கப்போவதில்லை. துணியிலேயே 25-க்கு 10 தான் வருகிறதென்றால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு விதை வாங்குங்கள். சான்று பெற்ற விதைக்கு வெண்டையில் குறைந்தது 65 சதவீத முளைப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

டப்பாவும் விதைப்பும்

ஓட்டலில் சாப்பாடு பார்சல் வரும் நீள்சதுர பிளாஸ்டிக் டப்பா இதற்குத் தோதானது. ஆணியைச் சூடாக்கி அடியில் ஆறு ஓட்டை போட்டேன். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு விதைக்கும் 25 விதை, அதை 13, 12 என்று இரண்டு டப்பாவில் பிரித்தேன். மொத்தம் 16 டப்பா. ஒரே டப்பாவில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரே மண் வைத்த இரண்டு டப்பாக்களே தங்களுக்குள் பெரிதாக வேறுபட்டால், குறை மண்ணில் இல்லை, நம் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பிரிப்பு.

மண்ணைச் சலித்து, கட்டி கல் நீக்கி, விதைக்குமுன் ஈரமாக்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஈரம்? புட்டுக்கு மாவு விரவுவது தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. நான்கு மண்ணும் இந்தப் பதத்துக்கு வர வேறு வேறு அளவு தண்ணீர் குடிக்கும். அதை நினைவில் வையுங்கள், பின்னால் முக்கியமாகும்.

டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண் நிரப்பி, அமுக்காமல் தரையில் லேசாகத் தட்டிச் சமமாக்குங்கள். வெண்டைக்கு பென்சிலில் ஒன்றரை சென்டிமீட்டரில் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு வரை குத்தி ஒரு குழிக்கு ஒரு விதை. ஊறவைப்பதானால் எல்லா விதையையும் ஒரே நேரம் ஊறவையுங்கள். நான் ஓர் இரவு ஊறவைத்தேன். கீரை விதையை ஈரப் பல்குச்சி நுனியில் ஒட்டி எடுத்து மேலே வைத்து, அதே மண்ணைச் சலித்து மெல்லிசாகத் தூவி மூடினேன். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. கீரைக்கு அது சில மில்லிமீட்டர்தான்.

கீரையைக் கட்டாயம் வரிசையாக, இடம் தெரியும்படி வையுங்கள். தொழுவுரத்தில் குப்பைக்கீரை விதை எப்போதும் இருக்கும், முளைக்கும்போது அதற்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் தெரியாது. வரிசையில் வராததை எண்ணாதீர்கள். சந்தேகமாக இருந்தால் விதை போடாத டப்பா ஒன்றில் அதே கலவையை நிரப்பி நீர் விட்டுப் பாருங்கள். எனக்கு அப்படி வைத்த டப்பாவில் நான்கு செடி வந்தது!

டப்பாக்களைத் தளத்தில் நேராக வைக்க வேண்டாம், மத்தியானம் தளம் கொதிக்கும். செங்கல் மேல் பலகை போட்டு, பாதி வெயில் தடுக்கும் நிழல்வலைக்குக் கீழே வைத்தேன். சுவர் ஓரத்து டப்பா சீக்கிரம் காயும் என்பதால் தினமும் வரிசையை மாற்றி வைத்தேன். எறும்புக்கு, பலகையைச் சுற்றி நொய்யரிசி கொஞ்சம் தூவினேன். அது அந்த அரிசியை இழுத்துக்கொண்டு போகிற சுறுசுறுப்பில் கீரை விதையை மறந்துவிடும்.

எண்ணுவது

நோட்டில் நாள் ஒரு வரிசை, டப்பா ஒரு பத்தி. விதையிலை இரண்டும் விரிந்தால்தான் “முளைத்தது” என்று கணக்கு. மண் விரிசல் விட்டிருக்கிறது, கழுத்து தெரிகிறது என்பதெல்லாம் சேராது. காலையில் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். பன்னிரண்டாம் நாள் கணக்கை மூடிவிடலாம்.

முதல் சுற்றில் “எல்லாவற்றுக்கும் சமநீதி” என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் தினம் காலை 60 மில்லி தண்ணீர் விட்டேன். பன்னிரண்டாம் நாள் கணக்கு, 25 விதைக்கு:

செம்மண்: வெண்டை 18, கீரை 8
கரிசல்: வெண்டை 11, கீரை 13
கலவை மண்: வெண்டை 21, கீரை 20
நார்த்தூள்: வெண்டை 20, கீரை 9

இதைப் பார்த்ததும் கரிசல் வெண்டைக்கு ஆகாது, நார்த்தூள் கீரைக்கு ஆகாது, கலவை மண்தான் ராஜா என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 25 விதையில் 20-க்கும் 21-க்கும், ஏன் 21-க்கும் 18-க்கும்கூட, வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சீட்டுக்கட்டைக் குலுக்கினாலே அவ்வளவு மாறும். ஆறேழு விதைக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று நம்பலாம். அப்படிப் பார்த்தால் கேள்விக்குரியவை மூன்று: கரிசலில் வெண்டை, செம்மண்ணில் கீரை, நார்த்தூளில் கீரை. கரிசல் கீரை 13-ம் குறைவுதான், ஆனால் அதன் காரணம் வெண்டையின் காரணத்தோடு சேர்ந்தே வந்தது.

வராத விதையைத் தோண்டுங்கள்

இந்தச் சோதனையில் உண்மையான படிப்பு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முளைத்ததை எண்ணிவிட்டு டப்பாவைக் கவிழ்த்துவிடுகிறார்கள். வராத விதையை ஒவ்வொன்றாகத் தோண்டி வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். அது எப்படி இருக்கிறது என்பதே நடந்ததைச் சொல்லிவிடும்.

கரிசலில் 14 வெண்டை வரவில்லை. தோண்டியபோது 10 விதை ஊதிப்போய், நசுக்கினால் கூழாக வந்தன. லேசாகச் சாக்கடை நாற்றம். 3 விதை கல்லு மாதிரி அப்படியே இருந்தன. துணியிலும் மூன்று முளைக்கவில்லை அல்லவா, அந்த வகைதான் இது. மீதி ஒன்று முளை விட்டு நின்றுபோனது. ஆக இங்கே நடந்தது அழுகல். கரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. தினம் 60 மில்லி ஊற்ற ஊற்ற மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் அடைத்து, காற்று இல்லாமல் விதை மூச்சுத் திணறிச் செத்தது. ஒரே அளவு தண்ணீர் கொடுத்தேன், ஆனால் ஒரே ஈரம் கொடுக்கவில்லை. என் சமநீதி இவ்வளவுதான்.

செம்மண்ணில் வராத 7 வெண்டையில் 5 நன்றாக முளைத்திருந்தன. வெள்ளைத் தண்டு மேலே வர முடியாமல் மண்ணுக்கடியில் சுருண்டு கொக்கியாக வளைந்து கிடந்தது. மேலே விரல் வைத்துத் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கேட்டது. பொருக்குத் தட்டிப்போன மண். மேலிருந்து தண்ணீர் ஊற்றும்போது நுண்மண் கரைந்து மேலே படிந்து, ஆடிக் காற்றில் காய்ந்து இறுகிவிடுகிறது. வெண்டை முட்டி மோதிப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. கீரையால் முடியவில்லை, 8-லேயே நின்றுவிட்டது.

நார்த்தூளில் கீரை விதையைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான், விட்டுவிட்டேன். ஆனால் மேல் அரை விரற்கடையைக் கிள்ளிப் பார்த்தால் பொடிப்பொடியாக உலர்ந்திருந்தது, அதன் கீழே சொதசொதவென்று ஈரம். கீரை விதை இருந்தது அந்த உலர்ந்த பகுதியில். வெண்டை ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருந்ததால் அதற்குப் பிரச்சினை இல்லை.

சுருக்கமாக: கூழாக வந்தால் தண்ணீர் அதிகம். கொக்கியாக வளைந்திருந்தால் மேல்மண் இறுகியது. கல்லாக, பொட்டு ஈரம் ஏறாமல் இருந்தால் விதைத்தோல் கடினம் அல்லது மேல்மண் காய்ந்தது. ஓட்டை விழுந்து கோது மட்டும் கிடந்தால் பூச்சி. விதையே காணோம் என்றால் எறும்பு, இல்லையென்றால் அணில். முளைத்து வந்தபின் மண்மட்டத்தில் தண்டு நூலாகச் சூம்பிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். அதை முளைப்புக் கணக்கோடு சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

இரண்டாம் சுற்று: காரணத்தை மட்டும் மாற்றுங்கள்

ஊகித்த காரணம் சரியா என்று பார்க்க இன்னொரு சுற்று வேண்டும். ஒவ்வொரு மண்ணிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும். கரிசலுக்கு 60 மில்லி கணக்கை விட்டுவிட்டு, டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்தால் மட்டும் நீர் விட்டேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் தேவைப்பட்டது. செம்மண்ணில் விதைக்கு மேலே செம்மண்ணுக்குப் பதிலாக மணல் தூவி மூடினேன். நார்த்தூளில் கீரைக்கு மேல் நனைத்த செய்தித்தாளை விரித்து, முதல் முளை தெரிந்த அன்று சாயங்காலம் எடுத்துவிட்டேன். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நீண்டுவிடும். கலவை மண்ணை எதுவும் மாற்றாமல் பக்கத்தில் மறுபடி வைத்தேன். அந்த வாரத்து வெயிலும் காற்றும் வேறாக இருந்தால் அதுவும் மாறிக் காட்டிக்கொடுக்கும் அல்லவா.

கலவை மண் மாறவில்லை: வெண்டை 22, கீரை 20. கரிசலில் வெண்டை 11-லிருந்து 19-க்கு வந்தது, கீரை 17. மணல் மூடிய செம்மண்ணில் வெண்டை 21, கீரை 18. நார்த்தூளில் கீரை 9-லிருந்து 19. இப்போது நான்கு மண்ணுக்கும் நடுவே நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

கலவை மண் முதல் சுற்றிலேயே நன்றாக வந்ததற்குக் காரணம் எருவின் சத்து அல்ல. மணலும் எருவும் சேர்ந்து பொருக்கு விழாமல் தடுத்தன, ஈரத்தையும் அளவாக வைத்தன. நம் கைத்தவறைப் பொறுத்துக்கொள்ளும் மண் அது. காலையில் அலுவலகம் போய் ராத்திரி வருகிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம், அதனால் மாடிக்கு நான் சொல்வது அதைத்தான். ஆனால் எருவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நாலில் ஒரு பங்கு போதும், விதை முளைத்து இரண்டு நிஜ இலை வந்தபின்தான் அதற்கு உரத்தின் ருசி தெரியும்.

இந்த முடிவு முளைப்புக்கு மட்டும்தான். தனிச் செம்மண்ணில் முளைத்த வெண்டை தனிச் செம்மண் தொட்டியிலேயே காய்க்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்கழிக் குளிரில் செய்தால் கணக்கே வேறு. வெண்டை சுணங்கும், சுணங்கும் விதை ஈரமண்ணில் அழுக அதிக நாள் கிடைக்கும்.

கொல்லையில் செய்வது

கிராமத்துக் கொல்லையில் மண்ணைத் தூக்கி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இருப்பது ஒரே மண். அதனால் அங்கே மண்ணை விட்டுவிட்டு, விதையை எதைக்கொண்டு மூடுகிறோம் என்பதை மாற்றிப் பாருங்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் நாங்கள் செய்தது அதுதான். ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பாத்தி, அதில் நான்கு வரிசை, வரிசைக்கு 25 வெண்டை. முதல் வரிசைக்கு அதே கரிசலால் மூடல், இரண்டாவதற்கு மணல், மூன்றாவதற்குச் சலித்த எரு, நான்காவதற்குக் கரிசலால் மூடி மேலே வைக்கோல். பக்கத்திலேயே இன்னொரு பாத்தியில் இதே நான்கையும் தலைகீழ் வரிசையில் வைத்தோம். பாத்தி சாய்வாக இருந்தால் பள்ளத்து வரிசைக்கு எப்போதும் தண்ணீர் கூடுதலாகப் போகும். வரிசையைத் திருப்பிப்போட்டால் அந்தச் சாய்வு யாருக்கும் சாதகமாக இருக்காது.

கரிசல் கொல்லையில் விதைத்தபின் தண்ணீர் கட்டக் கூடாது. முதல் நாள் நீர் பாய்ச்சி, காலில் ஒட்டாத பதம் வந்தபின் விதைத்து மூட வேண்டும். முளை வரும்வரை அந்த ஈரமே தாங்கும். இடையில் மழை பெய்து வெயில் அடித்தால் மூன்றாம் நாள் பொருக்கு விழும். அப்போது பூவாளியால் சாயங்காலம் லேசாக நனைத்துவிட்டால் இளகிவிடும். களைக்கொத்தியை எடுத்துக் கிளறினால் அடியில் இருக்கும் முளையை நாமே ஒடித்துவிடுவோம்.

நாங்கள் கோல் வைத்து அளந்து கயிறு கட்டிக்கொண்டிருந்ததை அத்தை திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “மாப்ள, விதைக்கு மேல மணலத் தூவுனா வந்துரும். அதுக்கு எதுக்கு இத்தன கயிறு?” என்றார். மச்சினன் என்னைப் பார்த்தான், நான் நோட்டைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் இரண்டு பாத்தியையும் சேர்த்து எண்ணினால், 50-க்கு கரிசல் மூடியதில் 26, மணல் மூடியதில் 41, எரு மூடியதில் 39. அத்தை சொன்னதுதான் நடந்தது. வைக்கோல் வரிசைக்குக் கணக்கு இல்லை. வைக்கோலுக்குள் புழு தேடி வந்த கோழி இரண்டு பாத்தியிலும் அந்த வரிசையை மட்டும் சுத்தமாகக் கிளறிவிட்டது. அடுத்த ஆடிக்கு முள்ளை வெட்டி மேலே போடுவதாக இருக்கிறோம்.